பொறுப்பை விட்டுப் போகிறவர் எழுத வேண்டிய மடல்

(இரும்புலியூரில் குடியிருப்போர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

ஞாயிற்றுக்கிழமை மாலை வீட்டு வேலையை ஒதுக்கிவிட்டு இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

இந்தக் கூட்டத்தில் இரண்டு வகைப்பட்டவர்கள் இருக்கிறீர்கள். தாம்பரம் மெப்ஸிலோ பழைய மகாபலிபுரம் சாலையிலோ கம்பெனியில் வேலை பார்க்கிறவர்கள் ஒரு வகை. வேலையை விடும்போது நோட்டீஸ் பீரியட், கே.டி., ரிலீவிங் லெட்டர் என்று உங்களுக்கு எல்லாம் பழக்கம். குடியிருப்புச் சங்கத்தில் செயலாளர், பொருளாளர் என்று ஏதோ ஒரு பொறுப்பில் இருக்கிறவர்கள் இன்னொரு வகை. உங்களுக்கு நோட்டீஸ் பீரியடும் கிடையாது, கே.டி.யும் கிடையாது. சாவிக்கொத்தையும் ரசீதுப் புத்தகத்தையும் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறீர்கள். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒன்று உண்டு. கடைசி நாளில் ஒரு மெயில் எழுதுகிறீர்கள். அந்த மெயிலைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரு மடலையே எடுத்துக்கொள்கிறேன். இந்தப் பக்கத்து அடுக்ககம்தான், 36 வீடுகள். பெயர் வேண்டாம். நான்கு வருடம் செயலாளராக இருந்தவருக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றல் வந்துவிட்டது. நல்ல உழைப்பாளி. அவருக்குப் பதிலாக, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரை எல்லோருமாகச் சேர்ந்து சம்மதிக்க வைத்தார்கள். போகிறவர் மே மாத நடுவில் ஒரு மெயிலை எழுதி, அனுப்புவதற்கு முன் என்னிடம் காட்டினார். நான் 30 வருடத்துக்கு மேல் அரசு அலுவலகத்தில் இருந்தவன். எத்தனையோ முறை சார்ஜ் கொடுத்திருக்கிறேன், எடுத்திருக்கிறேன். அதனால் காட்டினார். மடல் இதுதான்:

"அனைவருக்கும் வணக்கம். வரும் 31-ஆம் தேதியோடு செயலாளர் பொறுப்பிலிருந்து விலகுகிறேன். லிஃப்ட் வேலை போய்க்கொண்டிருக்கிறது. மழைநீர் வடிகாலுக்கு மாநகராட்சியில் மனு கொடுத்திருக்கிறோம், ஃபாலோ செய்ய வேண்டும். எஃப்.டி. ஆகஸ்டில் முதிர்கிறது. எல்லா ஃபைலும் டிரைவில் இருக்கின்றன. பிளம்பர், எலக்ட்ரீஷியன், தண்ணீர் லாரி நம்பர்கள் கீழே உள்ளன. எந்தச் சந்தேகம் என்றாலும் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள். ஒத்துழைத்த அனைவருக்கும் நன்றி."

இதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. எழுதியவர் எதையும் மறைக்கவும் இல்லை. ஆனால் ஜூன் 1-ஆம் தேதி காலை அந்த ஆசிரியை இந்த மடலைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வார் என்று யோசித்துப் பாருங்கள். லிஃப்ட் வேலை போய்க்கொண்டிருக்கிறது என்றால் யார் செய்துகொண்டிருக்கிறார்கள்? பணம் கொடுத்தாயிற்றா? அவர் காத்திருக்க வேண்டுமா, யாரையாவது கேட்க வேண்டுமா? எதுவும் தெரியாது. கடைசியில் அந்த மடல் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: என்னைக் கூப்பிடுங்கள். கோயம்புத்தூரில் புது வேலையில் சேர்ந்தவரை எத்தனை நாள் கூப்பிட முடியும்? கூப்பிட்டாலும், மூன்று மாதம் கழித்து அவருக்கே எவ்வளவு நினைவில் இருக்கும்?

இந்தச் சிக்கலை அரசு அலுவலகங்கள் நூறு வருடத்துக்கு முன்பே பார்த்துவிட்டன. சென்னை மாகாணத்தில் டாட்டன்ஹாம் என்ற ஐ.சி.எஸ். அதிகாரியின் பெயரால் ஒரு அலுவலக நடைமுறை வந்தது. கலெக்டர் ஆபீசில் வேலை பார்த்தவர்கள் இன்றும் டாட்டன்ஹாம் முறை என்றே சொல்வார்கள். அதன் முதுகெலும்பு தன்பதிவேடு. ஒவ்வொரு எழுத்தரும் தன் பெயரில் ஒரு பதிவேடு வைத்திருக்க வேண்டும். வரும் தபால் ஒவ்வொன்றுக்கும் ஒரு ந.க. எண் விழும். எந்தத் தேதியில் வந்தது, யாரிடமிருந்து வந்தது, பொருள் என்ன, அதன்மேல் யாருக்கு எழுதினோம், என்று எழுதினோம், நினைவூட்டு எப்போது போனது, எப்படி முடிந்தது என்பதெல்லாம் ஒரே வரிசையில் குறுக்காக ஓடும்.

அந்தப் பதிவேட்டில் ‘வேலை போய்க்கொண்டிருக்கிறது’ என்று எழுத இடமே கிடையாது. ஒரு காகிதம் என் மேஜையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் நான் யாருக்கோ எழுதிப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். காத்திருந்தால், எந்தத் தேதியிலிருந்து என்பது பக்கத்துக் கட்டத்தில் இருக்கும். நான் திடீரென்று மாற்றலாகிப் போனாலும், அடுத்த நாள் என் நாற்காலியில் உட்காருகிறவர் பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, முடியாத வரிகளை எடுத்து ஒரு நிலுவைப் பட்டியல் தயாரித்துவிடலாம். போகிறவரின் நல்லெண்ணத்தை நம்பி அந்த முறை இல்லை.

நம் மெயிலில் நிலுவை வேலை ஒவ்வொன்றுக்கும் இந்தக் கட்டங்களை நிரப்பினாலே முக்கால் பங்கு முடிந்தது. கடைசியாக என்ன நடந்தது, எந்தத் தேதியில்? இப்போது யார் கையில் நிற்கிறது? அடுத்து நாம் அசைய வேண்டிய நாள் எது? நான் அந்தச் செயலாளரிடம் கேட்டதும் இவ்வளவுதான். லிஃப்டைப் பற்றி இந்தக் கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவர் வாயால் சொல்லச் சொல்ல, ஒரு வரி இப்படி ஆனது:

"லிஃப்ட் கயிறு மாற்றம்: மார்ச் 12-ல் விலைப்புள்ளியை ஒப்புக்கொண்டோம். மொத்தம் 86,000 ரூபாய். அதில் பாதி, 43,000 ரூபாய், ஏப்ரல் 3-ல் வங்கி மூலம் கொடுத்தாயிற்று. கயிறு இன்னும் வரவில்லை. வேலை இப்போது லிஃப்ட் கம்பெனி கையில் இருக்கிறது. ஜூன் 10-க்குள் வராவிட்டால் சர்வீஸ் மேலாளரைக் கூப்பிட வேண்டும். மீதிப் பணத்தை, கயிறு மாற்றி, லிஃப்டை எடையேற்றி ஓட்டிக் காட்டிய பிறகுதான் கொடுப்பது என்று கமிட்டியில் பேசினோம். அது எங்கும் எழுதப்படவில்லை, இங்கே எழுதுகிறேன். ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் ஜூன் 30-ல் முடிகிறது. புதுப்பிக்கும் பணத்துக்கு ஜூன் நடுவிலேயே வந்து கேட்பார்கள். கயிறு மாற்றாமல் அதைக் கொடுத்துவிட வேண்டாம். சென்ற முறை கொடுத்துவிட்டு, சின்ன வேலைக்கே இரண்டு மாதம் காத்திருந்தோம்."

கடைசி இரண்டு மூன்று வாக்கியங்களைக் கவனியுங்கள். விலைப்புள்ளியும் ரசீதும் ஃபைலிலேயே இருக்கும், தேடினால் கிடைக்கும். ஆனால் ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரம்தான் நம் கையில் இருக்கும் ஒரே பிடி என்பது எந்த ஃபைலிலும் இல்லை. அது நான்கு வருடம் செயலாளராக இருந்தவரின் தலைக்குள் இருந்தது. ஒப்படைப்பு மடலில் முதலில் வர வேண்டியது அதுதான். ஃபைலில் இருப்பதை மடலில் திருப்பி எழுதுவதற்கு நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

தலைக்குள் இருந்தது கை மாறாமல் போவது நம் தமிழ்நாட்டில் மிகப் பெரிய அளவில் ஒருமுறை நடந்திருக்கிறது. 1980 நவம்பரில், எம்.ஜி.ஆர். ஆட்சியில், ஓர் அவசரச் சட்டத்தால் பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகள் ஒழிக்கப்பட்டன. கர்ணம், மணியக்காரர் பதவிகள் ஒரே நாளில் போயின. தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பத்தில் இருந்துவந்த வேலை அது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1982-ல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பானது. அவர்கள் இடத்துக்குத்தான் இன்றைய வி.ஏ.ஓ. வந்தார். கர்ணம் ஒப்படைத்தது என்ன? அடங்கல், சிட்டா, ஏ-பதிவேடு, புலப்படம். அடங்கல் எந்த ஊரிலும் இரண்டாம் நம்பர் கணக்குத்தான். ஊருக்கு ஊர் பெயரோ அமைப்போ மாறாது. அதனால் புதிதாக வந்தவர் புத்தகத்தைத் திறந்தவுடன் எது எது என்று அடையாளம் கண்டுகொள்ள முடிந்தது.

ஆனால் எந்த வயலை உண்மையில் யார் உழுகிறார், எந்த எல்லைக்கல் பெயர்ந்து கிடக்கிறது, ஏரி மதகை யார் திறந்தால் யார் சண்டைக்கு வருவார் என்பது எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. அது அந்தக் கர்ணத்தோடேயே போயிற்று. ஏரியும் வயலுமாக இருந்த நம் பக்கத்துக் கிராமங்கள் வீட்டுமனையாக மாறிய காலத்தில் அப்படிப்பட்ட விவரத்துக்கு எவ்வளவு தேவை இருந்திருக்கும் என்று நில விவகாரத்தில் அலைந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த முறையை ஒழித்ததைத் தவறு என்று நான் சொல்லவில்லை, ஒழித்தது சரி. கணக்குப் புத்தகம் கை மாறினால் போதும் என்று நினைப்பது சரியில்லை என்கிறேன்.

அதே மடலில் வடிகால் மனுவைப் பாருங்கள். மனு கொடுத்திருக்கிறோம், ஃபாலோ செய்ய வேண்டும் என்று இருந்தது. நம் பகுதிக்கு மழைக்காலம் என்றால் என்ன என்று 2015-க்குப் பிறகு யாருக்கும் விளக்க வேண்டாம். அந்த டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் எப்படிக் கிடந்தன என்று பார்த்தவர்கள் நாம். 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி ஆனபோது பல நகராட்சிகளும் பேரூராட்சிகளும் அதில் சேர்ந்தன. பழைய அலுவலகத்தில் கொடுத்த மனுவெல்லாம் எந்த மேஜைக்குப் போனது என்று தேடி அலைந்தவர்களும் இங்கே இருக்கிறீர்கள்.

செயலாளரிடம் கேட்டேன். மனு எண் அவருடைய போனில் ஒரு குறுஞ்செய்தியாக இருந்தது. போன் மாறினால் எண்ணும் போய்விடும். ஏப்ரலில் ஒரு பொறியாளர் வந்து தெருமுனையைப் பார்த்திருக்கிறார். இந்த வடிகாலை மேற்குப் பக்கம் இருக்கும் பெரிய கால்வாயோடு சேர்க்காவிட்டால் பயனில்லை, அதற்குத் தனி மதிப்பீடு போட வேண்டும், ஒரு மாதம் கழித்து வந்து கேளுங்கள் என்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மனுவில் இருப்பதைவிட முக்கியமான செய்தி இது. இது மட்டும் தெரிந்தால், ஆசிரியை மாநகராட்சி அலுவலகத்துக்குப் போய் ‘எங்கள் மனு என்ன ஆயிற்று’ என்று பொதுவாகக் கேட்க மாட்டார். மதிப்பீடு போட்டாயிற்றா என்று கேட்பார். கேள்வி மாறினால் எதிரில் இருப்பவரின் பதிலும் மாறும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். அதனால் அடுத்து அசைய வேண்டிய நாள் என்ற கட்டத்தில் ஜூன் முதல் வாரம் என்று எழுதினோம். யாராவது ஒருவர் வாயால் சொன்ன வாக்குறுதியோ நிபந்தனையோ இருந்தால், சொன்னவர் யார், எந்தத் தேதியில் சொன்னார் என்பதோடு மடலில் எழுதுங்கள். உறுதியாகத் தெரியாததை, எனக்கு உறுதியில்லை என்றே எழுதுங்கள்.

அடுத்து தொடர்பு எண்கள். எல்லோரும் இதைத்தான் சுலபம் என்று நினைக்கிறோம். பெயரும் நம்பரும் எழுதினால் முடிந்தது என்று விட்டுவிடுகிறோம். அந்த மடலின் கீழே இருந்த பட்டியலில் பிளம்பர் என்று ஒரு நம்பர், பிளம்பர் புதுசு என்று இன்னொரு நம்பர். பழையவர் யார், புதியவர் யார், ஏன் இரண்டு பேர் என்று எதுவும் இல்லை. கேட்டால்தான் கதை வருகிறது. பழையவருக்கு இந்தக் கட்டடத்தின் குழாய் எங்கே எங்கே ஓடுகிறது என்று தெரியும், ஆனால் கூப்பிட்டால் இரண்டு நாள் கழித்துத்தான் வருவார். புதியவர் உடனே வருவார், ஆனால் சுவரை எங்கே உடைப்பது என்று அவருக்குத் தெரியாது. ஆகவே குழாய் வெடித்தால் புதியவரைக் கூப்பிட்டு வால்வை மூடச் சொல்லிவிட்டு, பழையவர் வரும்வரை காத்திருப்பது என்று செயலாளர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். நம்பர் அதே நம்பர்தான். ஆனால் எதற்கு, எப்போது கூப்பிடுவது என்று பக்கத்தில் ஒரு வரி இருந்தால்தான் அது உதவும்.

தண்ணீர் லாரி இன்னும் ஒரு படி மேலே. கோடையில் 12,000 லிட்டர் லாரி ஒன்று ராத்திரியில்தான் வரும். புக்கிங் எடுப்பவர் ஒருவர், வண்டியோடு வரும் டிரைவர் வேறொருவர். தெருமுனைக்கு வந்ததும் டிரைவர் செயலாளரின் போனுக்குத்தான் அடிப்பார். செயலாளர் எடுத்து, வாட்ச்மேனை எழுப்பி, சம்ப் மூடியைத் திறக்கச் சொல்வார். இப்போது செயலாளர் கோயம்புத்தூரில் இருக்கிறார். ராத்திரி 11 மணிக்கு போன் அங்கே அடிக்கிறது. அவர் தூங்கிவிட்டால் லாரி பத்து நிமிடம் நின்றுவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விடும். காலையில் 36 வீட்டுக்கும் தண்ணீர் இல்லை.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. உங்களிடம் இருக்கும் மற்றவர்களின் எண்களைக் கொடுப்பது பாதி வேலைதான். மற்றவர்களிடம் இருக்கும் உங்கள் எண்ணை மாற்றுவது மறுபாதி. அந்தப் பாதியை யாரும் எழுதுவதில்லை. நாங்கள் உட்கார்ந்து, செயலாளரின் சொந்த எண் எங்கெல்லாம் பதிவாகியிருக்கிறது என்று நினைவுபடுத்தி எழுதினோம். பொது மீட்டருக்கான மின்வாரிய இணைப்பில் அவர் எண், அதனால் பில் தொகையும் கடைசித் தேதியும் அவருக்குத்தான் வரும். வங்கிக் கணக்கில் அவர் எண், ஓ.டி.பி. அவருக்குத்தான் போகும். லிஃப்ட் கம்பெனி, லாரி, மாநகராட்சி மனு என்று எல்லாவற்றிலும் அவரே. மின் கட்டணம் கட்டத் தவறி மாடிப்படி விளக்கும் மோட்டாரும் நின்ற கட்டடங்களை நான் பார்த்திருக்கிறேன். பணம் இல்லாமல் அல்ல, குறுஞ்செய்தி ஊரை விட்டுப் போனவரின் போனுக்குப் போனதால்.

சிலவற்றை ஒரே நாளில் மாற்றலாம். வங்கியில் அப்படி முடியாது. கையெழுத்திடுபவரை மாற்ற, புதிய நிர்வாகிகளைத் தேர்ந்தெடுத்த கூட்டத்தின் தீர்மான நகல் கேட்பார்கள். புதியவரின் அடையாள ஆவணம் வேண்டும், பழைய நிர்வாகிகளின் கையெழுத்தும் தேவைப்படலாம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன் கீழ் பதிவான சங்கம் என்றால், நிர்வாகக் குழுவின் மாற்றத்தை மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துக்கும் தெரிவிக்க வேண்டும். ஆகஸ்டில் எஃப்.டி. முதிர்கிறது என்று ஒரு வரி எழுதினாரே, அதன் உண்மையான கடைசி நாள் ஆகஸ்டில் இல்லை. அவர் ஊரை விட்டுக் கிளம்பும் மே 31-தான் கடைசி நாள். அதற்கு முன் அவர் கையெழுத்து கிடைத்தாக வேண்டும். இதைச் சொன்னதும் அவர் மறுநாளே வங்கிக்குப் போனார்.

இனி ஃபைல்கள். எல்லா ஃபைலும் டிரைவில் இருக்கின்றன என்ற வரியைக் கம்பெனியிலும் நீங்கள் எழுதியிருப்பீர்கள். யாருடைய டிரைவ்? இந்த விஷயத்தை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். இங்கே நடக்கும் இழப்பு சத்தம் இல்லாமல் நடக்கும்.

கூகுள் டிரைவில், சொந்த ஜிமெயில் கணக்கில் ஒருவர் ஒரு ஃபைலை உருவாக்கினால் அவர்தான் அதன் உரிமையாளர். அதை 36 பேரோடு பகிர்ந்தாலும், வேறொருவர் உருவாக்கிய ஃபோல்டருக்குள் போட்டாலும் உரிமை அவரிடமே இருக்கும். எல்லோருக்கும் திறக்கிறது, எல்லோரும் திருத்துகிறார்கள், அதனால் அது சங்கத்தின் ஃபைல் என்று நினைத்துக்கொள்கிறோம். அவர் தன் கணக்கை மூடினால் ஃபைல் எல்லோருக்கும் மறைந்துவிடும். இரண்டு வருடம் பயன்படுத்தாத கணக்கை நீக்கும் உரிமையும் கூகுளின் விதிகளில் இருக்கிறது. நம் செயலாளர் நான்கு வருட மெயின்டனன்ஸ் கணக்கை, ஒவ்வொரு வீட்டின் பாக்கியோடு, தன் பழைய ஜிமெயில் ஒன்றில் வைத்திருந்தார். அந்தக் கணக்கை அவர் வேறு எதற்கும் பயன்படுத்துவதில்லை.

வழி இருக்கிறது. சங்கத்தின் பெயரில் ஒரு ஜிமெயில் தொடங்கி, முக்கியமான ஃபைல் ஒவ்வொன்றின் பகிர்வுப் பெட்டியிலும் அந்த முகவரியைச் சேர்த்து, அதற்கு நேராக `Transfer ownership` என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதோடு முடியாது. அந்த முகவரிக்கு ஒரு மெயில் போகும், அங்கிருந்து ஏற்றுக்கொண்டால்தான் உரிமை மாறும். ஏற்காமல் விட்ட கோரிக்கை அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும், அனுப்பியவர் மாறிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருப்பார். மாறியதா என்று பார்க்க, ஃபைலின் விவரத்தில் `Owner` என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். சங்க ஜிமெயிலின் மீட்பு எண்ணாகப் பழைய செயலாளரின் எண்ணை விட்டுவைத்தால் பாதி வேலை மறுபடி கெட்டுப்போகும். அதையும் மாற்ற வேண்டும்.

கம்பெனியில் இருப்பவர்களுக்கு நிலைமை வேறு. அங்கே கணக்கு கம்பெனியுடையது. நீங்கள் போனதும் ஐ.டி. துறை அதை நிறுத்தி, பிறகு நீக்கும். கூகுளின் அலுவலகக் கணக்கை நீக்கினால் அதை மீட்க நிர்வாகிக்கு 20 நாள்தான் உண்டு. மைக்ரோசாஃப்டின் ஒன்டிரைவில், யாரும் அமைப்பை மாற்றாமல் விட்டிருந்தால், நீக்கிய ஊழியரின் ஃபைல்கள் 30 நாள் நிற்கும். அதற்குள் யாரும் தேடாவிட்டால் போயிற்று. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் அறிக்கை என்றால், தேடும் நாள் வருவதற்குள் ஃபைல் இருக்காது. ஆகவே உங்கள் பெயரிலான இடத்தில் இருப்பதை, அணிக்குப் பொதுவான இடத்துக்கு நகர்த்திவிட்டு, அந்தப் புது இடத்தின் இணைப்பை மடலில் கொடுங்கள். இணைப்பைக் கொடுத்த பிறகு ஃபைலை நகர்த்தக் கூடாது. அனுப்புமுன், வாரிசாக வருகிறவர் அந்த இணைப்பைத் தன் கணினியில் திறந்து காட்டட்டும். உங்கள் கணினியில் எல்லாம் திறக்கத்தான் செய்யும்.

காகிதமும் உண்டு. பதிவுச் சான்றிதழின் அசல், கட்டட வரைபடம், லிஃப்ட் உரிமம், எஃப்.டி. ரசீது. இவை எந்த அலமாரியில், எந்த நிற ஃபைலில், சாவி யாரிடம் என்பது வரை எழுதினோம். பைப் லைன் வரைபடம் ஒன்று செயலாளர் வீட்டுப் பரணில் கிடந்தது. மடல் எழுத உட்கார்ந்ததால்தான் அது கிடைத்தது.

இந்த மடலில் எழுதக் கூடாதவையும் உண்டு. கடவுச்சொல் எதையும் மெயிலில் எழுதாதீர்கள். நேரில் உட்கார்ந்து, புதியவர் தன் கையால் புதிய கடவுச்சொல்லைப் போடட்டும். இன்னொன்று, மனிதர்கள் சம்பந்தப்பட்டது. இதைச் சொல்லும்போது எனக்கு மனம் கனக்கிறது.

வேறொரு அடுக்ககத்தில் நடந்தது. வயதான ஓர் அம்மா தனியாக இருந்தார். குடும்பப் பென்ஷன் மட்டும்தான். மாதா மாதம் மெயின்டனன்ஸை இரண்டு தவணையாகக் கொடுத்துவிடுகிறேன் தம்பி என்று பழைய செயலாளரிடம் கேட்டிருக்கிறார், அவரும் சரிம்மா என்று சொல்லியிருக்கிறார். எழுத்தில் ஒன்றும் இல்லை. புதியவர் பொறுப்பேற்றார், கணக்கைப் பார்த்தார், 10-ஆம் தேதி வரை பாதிதான் வந்திருந்தது. பாக்கி வைத்திருப்பவர்கள் பட்டியலில் அந்த அம்மாவின் வீட்டு எண்ணையும் சேர்த்து லிஃப்ட் பக்கத்தில் ஒட்டிவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவருக்குத் தெரியாது. அந்த அம்மா அதன்பின் கீழே வருவதையே குறைத்துக்கொண்டார். ஆறு மாதத்தில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

இப்படிப்பட்ட ஏற்பாடு ஒன்று இருந்தால் அதைக் கட்டாயம் ஒப்படைக்க வேண்டும். ஆனால் எல்லோருக்கும் போகும் மடலில் எழுதினால் அதுவும் நோட்டீஸ் ஒட்டியதற்குச் சமம்தான். அதனால் மடல் இரண்டாக இருக்கட்டும். வேலை, எண்கள், ஃபைல்கள் என்று கமிட்டி முழுவதும் பார்க்க வேண்டியது ஒன்று. அடுத்து வருகிறவர் மட்டும் படிக்க வேண்டியது இன்னொன்று. இரண்டாவதில் நடந்ததை மட்டும் எழுதுங்கள், ஆளைப் பற்றிய அபிப்பிராயத்தை எழுதாதீர்கள். இன்னார் சண்டைக்காரர் என்று எழுதினால், வருகிறவர் முதல் நாளே அவரைச் சண்டைக்காரராகப் பார்ப்பார். கார் நிறுத்தும் இடம் பற்றி இன்னாரோடு இன்ன தேதியில் பேசி இப்படி முடிவானது என்று எழுதினால் போதும்.

எப்போது எழுதுவது? கடைசி நாளில் அல்ல. நாங்கள் மே 20-ஐ ஒட்டி எழுதி முடித்தோம். மீதி இருந்த பத்து நாளில் ஆசிரியை மடலை மட்டும் பார்த்து வேலை செய்தார். லாரி புக் செய்தார், மாதக் கணக்கைப் போட்டார், லிஃப்ட் மேலாளரோடு பேசினார். செயலாளர் பக்கத்தில் இருந்தார், வாய் திறக்கவில்லை. டீச்சர் எங்கே தடுமாறுகிறாரோ அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, ராத்திரி மடலில் திருத்தினார். மோட்டாரைப் போட்டால் மேல்தொட்டி நிரம்ப எவ்வளவு நேரம் ஆகும் என்பது முதல் மடலில் இல்லை. அன்று தொட்டி நிரம்பி வழிந்த பிறகுதான் 40 நிமிடம் என்ற வரி சேர்ந்தது. நான்கு வருடம் தினமும் செய்த வேலை என்பதால், அது எழுத வேண்டிய விஷயம் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

இறுதியாக, வாங்கிக்கொள்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். அரசு அலுவலகத்தில் சார்ஜ் சான்றிதழில் இரண்டு கையெழுத்து இருக்கும், கொடுத்தவருடையது ஒன்று, எடுத்தவருடையது ஒன்று. இரண்டாவது கையெழுத்து விழும்வரை பொறுப்பு மாறியதாகக் கணக்கில்லை. மெயிலில் அந்த இரண்டாவது கையெழுத்து உங்கள் பதில்தான். ‘நன்றி, பெற்றுக்கொண்டேன்’ என்று ஒரு வரி அனுப்பினால் அது கையெழுத்து ஆகாது. நம் ஆசிரியை எழுதிய பதிலில் மூன்று விஷயம் இருந்தது: எவற்றைத் திறந்து பார்த்துச் சரியாக இருக்கிறது என்று கண்டார், எவை இன்னும் கைக்கு வரவில்லை, எந்த வரி தனக்குப் புரியவில்லை. வராதவற்றில் ஜெனரேட்டர் சாவியும், மின் இணைப்பில் எண் மாற்றமும் இருந்தன. இரண்டும் மே 31-க்குள் முடிந்தன. உங்களுக்கும் இப்படி ஒரு மடல் வந்தால், அனுப்பியவர் ஊரில் இருக்கும்போதே, என்னென்ன வரவில்லை என்று எழுதிப் பதில் போடுங்கள்.